பார்சல் கட்டணம் கேட்கும் குறுஞ்செய்தி: ஸ்கிரீன்ஷாட்டை வைத்து மோசடியா என்று பார்ப்பது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வீட்டில் ஒருவருக்குச் செய்தி வருகிறது. அவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பி, "இது நிஜமா பாரு" என்கிறார். போன் அவர் கையில், படம் மட்டும்தான் உங்களிடம். அந்த நிலையில் என்ன பார்க்கலாம், எது வரைக்கும் சொல்லலாம் என்பதுதான் கீழே இருப்பது.

உதாரணத்துக்கு ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொள்கிறோம். 2024-இல் இந்தியா முழுக்க, பெரும்பாலும் ஐபோன்களுக்கு, இந்தியா போஸ்ட் பெயரில் வந்தது. அதன் சாரம் இது: உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லாததால் இரண்டு முறை முயன்றும் கொடுக்க முடியவில்லை, 48 மணி நேரத்துக்குள் கீழே உள்ள லிங்க்கில் முகவரியைத் திருத்துங்கள், இல்லாவிட்டால் பார்சல் திரும்பிப் போய்விடும். லிங்க் `indisposegvs.top/IN`. செய்தியில் பணம் பற்றிய பேச்சே இருக்காது. லிங்க்கைத் திறந்து முகவரியை நிரப்பிய பிறகுதான் மறு விநியோகத்துக்கு 25 ரூபாய் சொச்சம் கேட்கும். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் இதைப் போலி என்று அறிவித்தது. முகவரியைத் திருத்தச் சொல்லி அஞ்சல் துறை இப்படிச் செய்தி அனுப்புவதே இல்லை என்றும் சொன்னது. லிங்க்கின் பெயரும் வாசகமும் மாறி மாறி இதே கதை இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியுமா?

ஒரு பக்கத்துக்கு மட்டும் முடியும். படத்தில் தெரியும் அனுப்புநர், லிங்க் இரண்டில் ஒன்று தவறாக இருந்தாலே "மோசடி" என்று சொல்லிவிடலாம். ஆனால் இரண்டும் சரியாகத் தெரிந்தாலும் "நிஜம்" என்று படத்தை வைத்துச் சொல்லக் கூடாது. படத்தை வெட்டியிருக்கலாம், அனுப்புநர் பெயர் அந்தப் போனில் யாரோ சேமித்து வைத்த பெயராக இருக்கலாம், எழுத்துகள் கண்ணை ஏமாற்றலாம். நிஜம் என்று சொல்வதற்கான ஆதாரம் எப்போதும் படத்துக்கு வெளியேதான் இருக்கும்: பார்சல் எண்ணை அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் நாமே தட்டிப் பார்ப்பது, அல்லது பொருள் வாங்கிய கடையின் ஆர்டர் பக்கத்தைப் பார்ப்பது.

"எழுத்துப் பிழை இருக்கிறதா பார்" என்ற பழைய அறிவுரையை நாங்கள் பெரிதாக நம்புவதில்லை. மேலே சொன்ன செய்தி சுமாரான ஆங்கிலத்தில்தான் இருந்தது. இப்போது வருபவை திருத்தமாகவே இருக்கின்றன. நிஜமான கூரியர் செய்திகளிலும் கோளாறான வாக்கியங்கள் உண்டு. வாசகத்தை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள்.

ஓரங்கள் என்றால்? முதலில் கண் எங்கே போக வேண்டும்?

திரையின் மேல் விளிம்புக்கு. அனுப்பியவர் யார் என்று எழுதியிருக்கும் இடம் அதுதான். 2024 செய்தியின் ஸ்கிரீன்ஷாட்களில் அந்த இடத்தில் பெரும்பாலும் இருந்தது ஒரு வெளிநாட்டுக் கைபேசி எண் அல்லது ஹாட்மெயில், யாகூ போன்ற இலவச மின்னஞ்சல் முகவரி. `+63` என்று தொடங்கினால் பிலிப்பைன்ஸ் எண். இந்தியாவுக்குள் பார்சல் கொடுக்கும் அஞ்சல் துறை பிலிப்பைன்ஸ் சிம் வைத்துச் செய்தி அனுப்ப எந்தக் காரணமும் இல்லை. வேலை அங்கேயே முடிந்தது, கீழே படிக்கவே தேவையில்லை.

`+91` என்று தொடங்கும் பத்து இலக்கக் கைபேசி எண்ணும் இதே கணக்குதான். இந்தியாவில் நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் எஸ்எம்எஸ்கள் பதிவுசெய்த எழுத்துப் பெயரில் வர வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. டெலிவரி செய்யும் பையன் தன் சொந்த எண்ணிலிருந்து "வாசலில் நிற்கிறேன்" என்று அனுப்பலாம். கட்டணம் கட்ட லிங்க் அனுப்புவது அவர் வேலை இல்லை.

மேல் விளிம்பு வெட்டப்பட்டிருந்தால் தீர்ப்பு சொல்லாதீர்கள். "மேலே பெயர் தெரிகிற மாதிரி முழுத் திரையையும் எடுத்து அனுப்புங்க. அந்தப் பெயரை ஒரு தடவை தொட்டு, வருகிற பக்கத்தையும் எடுத்து அனுப்புங்க" என்று கேளுங்கள். இரண்டாவது படம் முக்கியம். போனில் அந்த எண் ஏதாவது பெயரில் சேமிக்கப்பட்டிருந்தால், உண்மையான எண் அந்தப் பக்கத்தில்தான் தெரியும்.

செய்தி சாம்பல் நிறக் கட்டத்தில்தானே இருக்கிறது? ஐமெசேஜ் என்றால் நீலமாக இருக்குமே?

இந்த இடத்தில் விவரம் தெரிந்தவர்களே தடுக்கி விழுகிறார்கள். ஐபோனில் நீலம், பச்சை என்ற வேறுபாடு நாம் அனுப்பும் செய்திகளுக்கு மட்டும். நமக்கு வரும் செய்தி எஸ்எம்எஸ் ஆனாலும், ஆப்பிளின் சொந்தச் செய்திச் சேவையான ஐமெசேஜ் ஆனாலும் சாம்பல் நிறத்தில்தான் தெரியும். ஆகவே நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பார்க்க வேண்டியது இரண்டு இடங்களில் சின்னதாக எழுதியிருக்கும் ஒரு சொல். செய்திக்கு மேலே தேதிக்குப் பக்கத்தில் `iMessage` என்றோ `Text Message` என்றோ இருக்கும். கீழே நாம் தட்டச்சு செய்யும் வெற்றுப் பெட்டியிலும் மங்கலாக அதே சொல் இருக்கும். ஆண்ட்ராய்டில் கூகுள் மெசேஜஸ் செயலி என்றால் கீழ்ப் பெட்டியில் `RCS` என்ற எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். ஐமெசேஜ் போல எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாக வரும் இன்னொரு செய்தி முறை அது.

ஏன் இதைப் பெரிதாகச் சொல்கிறோம் என்றால், எஸ்எம்எஸ் உள்ளூர்த் தொலைபேசி நிறுவனத்தின் வழியாக வருகிறது. பதிவுசெய்யாத அனுப்புநரையும் அனுமதி பெறாத லிங்க்கையும் அங்கே தடுத்து நிறுத்த வழி இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், முன்கூட்டி அனுமதி பெறாத லிங்க் உள்ள நிறுவனச் செய்திகளைத் தடுக்க வேண்டும் என்று டிராய் உத்தரவே போட்டிருக்கிறது. ஐமெசேஜும் ஆர்சிஎஸ்ஸும் இணையம் வழியாகப் போகின்றன. அந்தச் சல்லடை அங்கே இல்லை. மோசடிக் கும்பல் ஐமெசேஜுக்குப் போனதே இதனால்தான். எனவே பழக்கமில்லாத எண்ணோ மின்னஞ்சலோ, கூடவே `iMessage` என்ற சொல், அதில் ஒரு பார்சல் லிங்க்: இந்த மூன்றும் ஒன்றாகத் தெரிந்தால் மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அனுப்புநர் பெயர் எண்ணாக இல்லை. இரண்டு எழுத்து, கோடு, நிறுவனப் பெயர், கடைசியில் -S என்று இருக்கிறது. அப்படியானால் நிஜம்தானே?

நல்ல அறிகுறிதான், ஆனால் முடிவு இல்லை. முதல் இரண்டு எழுத்துகள், செய்தியைக் கொண்டுவந்த தொலைபேசி நிறுவனத்தையும் வட்டாரத்தையும் குறிப்பவை. அவை ஒவ்வொரு முறையும் மாறலாம், அதைக் கண்டு பதற வேண்டாம். நடுவில் இருப்பது பதிவுசெய்த பெயர். 2025 மே முதல் கடைசியில் ஓர் எழுத்தும் சேர்ந்தது: விளம்பரத்துக்கு `-P`, சேவைச் செய்திக்கு `-S`, பரிவர்த்தனைக்கு `-T`, அரசுச் செய்திக்கு `-G`. பார்சல் பற்றிய செய்தி என்று சொல்லிக்கொண்டு கடைசியில் `-P` இருந்தால் அது விளம்பரமாகப் பதிவான செய்தி. அதில் கட்டணம் கேட்டால் சந்தேகப்படுங்கள்.

நடுப் பெயரை `smsheader.trai.gov.in` தளத்தில் தட்டிப் பார்த்தால் அது எந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும். கூரியர் பெயர் போலவே இருக்கும் நடுப் பெயர், சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு கம்பெனிக்குச் சொந்தமாக இருக்கலாம். அங்கே வரும் பெயரை லிங்க்கில் உள்ள பெயரோடு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. எழுத்துப் பெயரைப் போலியாகப் போட்டு அனுப்பினால், போன் அதை அதே பெயரில் ஏற்கனவே வந்த நிஜமான செய்திகளுக்குக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். போனுக்குத் தெரிவது பெயர் மட்டும்தான். "போன மாதம் இதே இடத்தில் நிஜமான செய்தி வந்ததே" என்பது அதனால் ஆதாரம் ஆகாது.

லிங்க்கில் indiapost என்று எழுதியிருக்கிறதே, அதை எப்படிப் படிப்பது?

இடமிருந்து வலமாகப் படிப்பதுதான் சிக்கலே. முகவரியின் சொந்தக்காரர் யார் என்பது வலது பக்கத்தில் இருக்கிறது. செய்முறை இது: `https://` இருந்தால் அதைக் கழித்துவிடுங்கள். அடுத்து வரும் முதல் சாய்கோடு `/` எங்கே என்று பாருங்கள். அதற்குப் பின்னால் இருப்பதை முழுக்க விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். அங்கே என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். இப்போது மிச்சம் இருப்பதை வலமிருந்து இடமாகப் படியுங்கள்.

நம் உதாரணம் `indisposegvs.top/IN`. சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள `IN` இந்தியாவைக் குறிப்பதுபோல் தோன்றும், அதை மறைத்துவிட்டோம். மிச்சம் `indisposegvs.top`. கடைசிப் பகுதி `.top`. இது யார் வேண்டுமானாலும் கொஞ்சக் காசுக்கு வாங்கக்கூடிய முடிவு. அதற்கு முன்னால் இருப்பது இந்தியா போஸ்ட் மாதிரி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கோர்த்த எழுத்துகள். அஞ்சல் துறையின் தளம் `indiapost.gov.in`. `.gov.in` என்ற முடிவை அரசு அமைப்புகளைத் தவிர வேறு யாருக்கும் தருவதில்லை. அதனால் இந்தியா போஸ்ட் விஷயத்தில் சோதனை எளிது.

இதைவிடக் கடினமான வடிவம் ஒன்று உண்டு. கீழே உள்ளது நாங்கள் விளக்கத்துக்காகக் கட்டிய முகவரி. நிஜத்தில் எங்கும் போகாது.

```
https://indiapost.gov.in-update.example/IN
```

அவசரத்தில் படித்தால் `indiapost.gov.in` வரை கண் ஓடி, திருப்தி அடைந்து நின்றுவிடும். சாய்கோட்டிலிருந்து பின்னோக்கிப் படித்தால் முடிவு `.example`, சொந்தக்காரர் `in-update.example`. முன்னால் உள்ள `indiapost.gov` வெறும் அலங்காரம். `in`-க்குப் பின்னால் புள்ளியோ கோடோ வந்தால், அது அரசுத் தளம் இல்லை. சாய்கோடு வந்தால் மட்டுமே, அல்லது முகவரி அங்கேயே முடிந்தால் மட்டுமே, `.gov.in` என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்கிரீன்ஷாட்டுக்கே உரிய கஷ்டம் ஒன்றும் உண்டு. ஐபோன் எழுத்துருவில் ஆங்கிலப் பெரிய `I`-யும் சிறிய `l`-உம் கிட்டத்தட்ட ஒரே கோடுதான். `r`, `n` இரண்டும் ஒட்டி நின்றால் `m` போலத் தெரியும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பியிருந்தால் இன்னும் மோசம். சந்தேகம் இருந்தால் அந்த முகவரியை எழுத்தாகவே அனுப்பச் சொல்லாதீர்கள். அது உங்கள் திரையில் தொடக்கூடிய லிங்க்காக வந்து உட்காரும். படத்தை அசல் தரத்தில் கோப்பாக அனுப்பச் சொல்லிப் பெரிதாக்கிப் பாருங்கள்.

bit.ly போன்ற சுருக்கிய லிங்க்கில் சொந்தக்காரர் தெரியவே மாட்டார். நிஜமான கூரியர்களும் சுருக்கிய லிங்க் அனுப்புவது உண்டு என்பதால், அதை வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல்ல வேண்டாம்.

சரி, நானே என் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துச் சொல்லிவிடலாமே?

வேண்டாம், அதற்கு நடைமுறைக் காரணம் இருக்கிறது. இந்தப் பக்கங்களில் பல, கைபேசி உலாவியில் மட்டும் திறக்கும்படி அமைக்கப்பட்டவை. கம்ப்யூட்டரில் போனால் வெற்றுப் பக்கமோ பிழைச் செய்தியோ வரும், அல்லது நிஜமான தளத்துக்கே தள்ளிவிடும். "நான் பார்த்தேன், ஒன்றுமில்லை" என்று நீங்கள் சொன்னதும், வீட்டில் இருப்பவர் தைரியமாகக் கைபேசியில் திறப்பார். அங்கே பக்கம் முழுதாக வரும்.

லிங்க்கைச் சோதிக்கும் இணையச் சேவைகளும் முதல் ஓரிரு நாட்களுக்குக் கைவிடும். 2024 ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையில் மட்டும் இந்தியா போஸ்ட் போலத் தெரியும் 470-க்கும் மேற்பட்ட இணைய முகவரிகள் பதிவாகின என்று ஃபோர்ட்டினெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எண்ணிச் சொன்னார்கள். ஒன்று தடுக்கப்பட்டால் அடுத்தது தயார். நேற்றுப் பிறந்த முகவரி எந்தக் கறுப்புப் பட்டியலிலும் இருக்காது, "பாதுகாப்பானது" என்றே காட்டும்.

அதைவிடப் பயனுள்ளது முகவரியின் வயது. `lookup.icann.org` பக்கத்தில் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பெயரை மட்டும் தட்டுங்கள், தளம் திறக்காது. வரும் விவரத்தில் `Created` என்ற தேதியைப் பாருங்கள். நாடு முழுக்கப் பார்சல் கொடுக்கும் நிறுவனத்தின் முகவரி போன வாரம் பிறந்திருக்காது. தேதி பழையதாக இருந்தால் மட்டும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. யாரோ ஒருவரின் பழைய தளத்துக்குள் புகுந்தும் பக்கத்தை வைப்பார்கள்.

படத்திலேயே ஒரு பொறி இருக்கிறது. இப்போதைய ஐபோன் படத்துக்குள் உள்ள எழுத்தைப் படித்து, லிங்க்கைத் தொடக்கூடியதாக மாற்றிவிடும். ஆண்ட்ராய்டில் கூகுள் லென்ஸும் இதைச் செய்யும். "வெறும் படம்தானே" என்று விரலை வைத்து அழுத்தினால் பக்கம் திறந்துவிடலாம். ஐபோனில் லிங்க்கின் மேல் நீண்ட நேரம் அழுத்தினாலே முன்னோட்டம் காட்டுவதற்காகப் பக்கத்தை ஏற்றிவிடும்.

"Y என்று பதில் அனுப்பிவிட்டு, செய்தியை மூடித் திறந்தால் லிங்க் வேலை செய்யும்" என்று கீழே எழுதியிருக்கிறது. எதற்கு அது?

இந்த ஒரு வரி இருந்தால் வேறெதையும் பார்க்காமல் மோசடி என்று சொல்லலாம். முன்பின் தெரியாத ஆள் ஐமெசேஜில் அனுப்பும் லிங்க்கை ஐபோன் தொட முடியாதபடி வெறும் எழுத்தாக வைத்திருக்கும். நாம் ஒரு பதில் அனுப்பிவிட்டால் அவரைத் தெரிந்தவர் என்று எடுத்துக்கொண்டு பூட்டைத் திறந்துவிடும். போன் போட்ட பூட்டை நம் கையாலேயே திறக்க வைக்கும் வேலை அது. "முகவரியைக் காப்பி செய்து சஃபாரியில் ஒட்டுங்கள்" என்று எழுதியிருந்தாலும் அதே நோக்கம்தான். தன் லிங்க் உங்கள் போனில் வேலை செய்யாது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கும் கூரியர் எங்கும் கிடையாது.

படத்தில் பார்சல் எண்ணே இருக்கிறது. அதுகூடப் பொய்யாக இருக்குமா?

இருக்கலாம், கணக்குப் போட்டே பார்க்கலாம். அஞ்சல் வழிப் பொருட்களின் எண் உலக அஞ்சல் ஒன்றியத்தின் முறைப்படி 13 எழுத்துகள் கொண்டது: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டின் இரண்டெழுத்து. இந்தியாவில் அனுப்பியது என்றால் `IN`. ஒன்பதாவது இலக்கம் சும்மா வருவதல்ல, முதல் எட்டிலிருந்து கிடைக்கும் சரிபார்ப்பு இலக்கம்.

`EE123456785IN` என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் எட்டு இலக்கங்களை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

```
1×8 + 2×6 + 3×4 + 4×2 + 5×3 + 6×5 + 7×9 + 8×7 = 204
204 ÷ 11 → மீதி 6
11 − 6 = 5
```

ஒன்பதாவது இலக்கம் 5, பொருந்துகிறது. கழித்து வருவது 10 என்றால் 0 என்றும், 11 என்றால் 5 என்றும் எடுத்துக்கொள்ள வேண்டும். பொருந்தாவிட்டால் எண் கற்பனை, அல்லது படத்தைப் பார்த்துத் தட்டும்போது நீங்கள் தப்பு செய்திருக்கிறீர்கள். இன்னொரு முறை பாருங்கள். இதே கணக்கை மோசடிக்காரரும் போட முடியும் என்பதால், பொருந்தியது என்று நம்பிவிடக் கூடாது. தனியார் கூரியர்களின் எண்களுக்கு இந்தச் சூத்திரம் ஓடாது.

கணக்கில் விருப்பம் இல்லாதவர்கள் எண்ணை நேராக `indiapost.gov.in` தளத்தில், முகவரியைத் தாங்களே தட்டிப் போய், போட்டுப் பார்க்கலாம். எண் நிஜமாக இருந்தால் எந்த அலுவலகத்தில் எப்போது பதிவானது என்று வரிசையாக வரும். இணையம் வராதவர்கள் 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். 2024 செய்தியில் பார்சல் எண்ணே இல்லை என்பதைக் கவனியுங்கள். எந்தப் பார்சல் என்று சொல்லாமல் "உங்கள் பார்சல்" என்று மட்டும் சொல்லும் செய்தி, லட்சம் பேருக்கு ஒரே மாதிரி அனுப்ப வசதியானது. அதில் சில ஆயிரம் பேராவது அந்த வாரம் எதையாவது எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வெறும் 25 ரூபாய்க்காக யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா?

25 ரூபாய் அவர்களுக்கு வேண்டாம். அந்தத் தொகை, கார்டு எண்ணைத் தட்டச்சு செய்ய நமக்கு ஒரு காரணம் கொடுக்கிறது. 2,500 கேட்டால் யோசிப்போம். 25-க்கு யோசிக்க மாட்டோம்.

பக்கம் கேட்கும் வரிசையைப் பாருங்கள். முதலில் பெயர், முகவரி, பின்கோடு, கைபேசி எண். பார்சலுக்கு இவை தேவை என்பதால் கை தயங்காது. அடுத்து கார்டு எண், காலாவதித் தேதி, பின்புறத்தில் உள்ள மூன்று இலக்கம். கடைசியில் ஓடிபி. இந்தியக் கடைகளில் பொதுவாக ஓடிபி இல்லாமல் இணையத்தில் கார்டைப் பயன்படுத்த முடியாது என்பதால், அதை நம் கையிலிருந்தே வாங்க வேண்டியிருக்கிறது. பல வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபியே கேட்காது. கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருந்தால் முன்னால் கொடுத்த மூன்று விவரமே போதும்.

வீட்டில் இருப்பவர் ஓடிபி கட்டத்தில் நிற்கிறார் என்றால், வங்கி அனுப்பிய ஓடிபி செய்தியை முழுதாகப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள், எண்ணை மட்டும் விட்டுவிட்டு. தொகையும் கடையின் பெயரும் அதிலேயே இருக்கும். பக்கத்தில் 25 ரூபாய், வங்கிச் செய்தியில் வேறு தொகை அல்லது வெளிநாட்டுப் பணம் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

நிஜமாகவே கட்டணம் கேட்டு எந்தச் செய்தியும் வராதா?

வரும். எல்லாமே மோசடி என்று சொல்லிவிட்டால் சுங்கத்தில் மாட்டிய நிஜமான பார்சல் திரும்பிப் போய்விடும். வெளிநாட்டிலிருந்து டிஎச்எல், ஃபெடெக்ஸ் போன்ற நிறுவனங்கள் வழியாகப் பொருள் வந்தால், சுங்கவரியை இணையத்தில் கட்டச் சொல்லி அவர்கள் செய்தி அனுப்புவது வழக்கம். அடையாள ஆவணமும் கேட்பார்கள். அதே பொருள் அஞ்சல் வழியாக வந்தால், வரியைத் தபால்காரரோ தபால் நிலையமோ பொருளைக் கொடுக்கும்போது வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கும்.

வித்தியாசம் இதில் இருக்கிறது. நிஜமான செய்தி ஒரு குறிப்பிட்ட பார்சல் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணை நிறுவனத்தின் தளத்தில் நாமே போட்டால் அங்கேயும் "வரி பாக்கி" என்று காட்டும். எங்கிருந்து யார் அனுப்பியது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனவே லிங்க்கை ஒதுக்கிவிட்டு, தளத்துக்கு நேராகப் போய்க் கட்டினால் செய்தி நிஜமோ பொய்யோ நஷ்டம் இல்லை. உள்நாட்டுப் பார்சலில் முகவரி சரியில்லை என்றால் பொதுவாகப் போன் வரும், இல்லாவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். முகவரியைத் திருத்துவதற்குக் கார்டு தேவையே இல்லை.

லிங்க் எதுவும் இல்லை, "இந்த எண்ணை டயல் செய்யுங்கள்" என்று மட்டும் இருக்கிறது.

எண் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். `*21*` அல்லது `*401*` என்று தொடங்கி, பின்னால் ஒரு பத்து இலக்க எண் வந்தால், கடைசியில் `#` இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது டெலிவரி ஆளின் எண் இல்லை. உங்களுக்கு வரும் அழைப்புகளை எல்லாம் அந்தப் பத்து இலக்க எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை. ஓடிபியைக் குரல் அழைப்பில் கேட்டு வாங்கி வாட்ஸ்அப் கணக்கைப் பிடிக்க இது போதும். ஏற்கனவே டயல் செய்திருந்தால் `##002#` டயல் செய்யச் சொல்லுங்கள். எல்லாத் திருப்பல்களும் நீங்கும்.

அம்மா ஏற்கனவே கார்டு விவரத்தையும் ஓடிபியையும் கொடுத்துவிட்டார். இப்போது என்ன?

வரிசை முக்கியம். முதலில் வங்கியின் செயலியில் கார்டை முடக்குங்கள், இதற்கு ஒரு நிமிடம் போதும். செயலி இல்லை என்றால் கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணுக்கு அழையுங்கள். செய்தியில் உள்ள எண்ணுக்கோ கூகுளில் தேடிக் கிடைத்த எண்ணுக்கோ அழைக்க வேண்டாம். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930. போன தொகை, நேரம், வங்கிச் செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழைத்தால் பேச்சு சீக்கிரம் முடியும். பிறகு `cybercrime.gov.in` தளத்தில் புகாரை எழுத்தில் பதியுங்கள்.

நேரத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதி. வாடிக்கையாளரே ஓடிபி போன்ற விவரத்தைக் கொடுத்துப் போன பணத்தில், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் நஷ்டம் வாடிக்கையாளருடையது. தெரிவித்த பிறகு ஏற்படுவது வங்கியுடையது. அதனால் புகார் எண்ணையும் அழைத்த நேரத்தையும் குறித்து வையுங்கள். கார்டு எண் மட்டும் கொடுத்து ஓடிபி கொடுக்காமல் நிறுத்திவிட்டாலும் அந்தக் கார்டை மாற்றிவிடுங்கள். எண் அவர்களிடம் இருக்கிறது. வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடி வைப்பது புதுக் கார்டு வரும் வரைக்கும் ஒரு தடுப்பு.

முகவரியும் கைபேசி எண்ணும் மட்டும் கொடுத்திருந்தால் முடக்க ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த சில நாட்களில் பெயர் சொல்லி, முகவரி சொல்லி, "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று அழைப்பு வரலாம் என்பதை அவருக்குச் சொல்லி வையுங்கள்.

பணம் எதுவும் போகவில்லை. படத்தை வைத்துப் புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். `sancharsaathi.gov.in` தளத்தில் உள்ள சக்ஷு என்ற பகுதி, பணம் போகாத சந்தேகச் செய்திகளுக்காகவே இருக்கிறது. அனுப்புநர் எண், தேதி, நேரம், ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைக் கேட்கும். வெட்டாத முதல் படத்தையே கொடுங்கள். ஐமெசேஜில் வந்தது என்றால் செய்திக்குக் கீழே `Report Junk` என்ற வரி இருக்கும். அதைத் தொட்டால் ஆப்பிளுக்குத் தகவல் போகும், செய்தி போனிலிருந்து அழிந்துவிடும். ஆகவே படம் எடுத்த பிறகு தொடச் சொல்லுங்கள்.

எச்சரிக்கைக்காக அந்தப் படத்தைக் குடும்பக் குழுவில் போடுவதாக இருந்தால், லிங்க்கின் மேல் கோடு கிழித்து மறைத்துவிட்டுப் போடுங்கள். பத்துப் பேரில் ஒருவராவது விரலை வைத்துப் பார்ப்பார்.